பொருள்: Re: வங்கிக் கணக்கு ஒப்பீடு, இரண்டு சொற்கள் தேவை

கயல்:
கணக்கு மென்பொருளின் தமிழாக்கத்தை வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும். வங்கி அறிக்கையையும் பேரேட்டையும் ஒப்பிட்டபின் வரிகளுக்கு நிறம் காட்டும் திரை அது. மறுபக்கத்தில் இணை கிடைக்காத வரி சிவப்பு, இருமுறை ஏறிய வரி மஞ்சள். ‘இணையிலி’, ‘இரட்டைப் பதிவு’ என்று வைத்திருக்கிறேன். சரியா?

சண்முகம்:
இணையிலி என்றால் ஒப்பற்றவன் அம்மா. இறைவனுக்குரிய பெயரைப் பணமாகாத காசோலைக்கு வைக்கலாமா? ‘பொருந்தாப் பதிவு’ போதும். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகும். பேரேட்டைப் பற்றியும் ஒன்று: அது பெருமை + ஏடு, ஆதி நீண்டு பேரேடு ஆனது. ஆட்களின் பேரை எழுதும் ஏடு என்று பிரிப்பவர்கள் இருக்கிறார்கள்...

மீனா:
‘இரட்டைப் பதிவு’ கூடவே கூடாது. பற்று, வரவு இரண்டும் எழுதும் கணக்கு முறைக்கே அதுதான் பெயர். அந்த முறையில் எல்லாமே இரட்டைப் பதிவுதான்.

ரவி:
இரண்டு சொல் எதற்கு? இருமுறை ஏறியதில் ஒன்றுக்கு எப்படியும் இணை இருக்காது. அதுவும் பொருந்தாப் பதிவுதானே?

மீனா:
ஒன்றுக்கு ஒன்று என்று இணைத்தால்தான் அப்படி விழும், ரவி. பேரேட்டில் காசோலை 218க்கு 4,500 இருமுறை ஏறியிருக்கிறது, வங்கியில் ஒருமுறைதான் என்று வையுங்கள். தொகையை மட்டும் தேடும் சூத்திரம் இரண்டையும் அதே வங்கி வரியோடு இணைத்து, இரண்டும் சரி என்று சொல்லிவிடும். அதனால் இத்தனையாவது தடவை என்ற எண்ணையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். B காசோலை எண், C தொகை என்றால்:

```
=COUNTIFS(B$2:B2,B2,C$2:C2,C2)
```

இரண்டு பக்கமும் இதைப் போட்டால் பேரேட்டின் இரண்டாவது 4,500 தனியே நிற்கும். அதன்பின் செய்வதும் வேறு. பணமாகாத காசோலை என்றால் அடுத்த அறிக்கைவரை காத்திருக்கலாம். இருமுறை ஏறியதை எதிர்ப்பதிவு போட்டு நீக்க வேண்டும். வங்கியே இருமுறை கழித்திருந்தாலோ பேரேட்டில் கை வைக்கக்கூடாது, வங்கிக்குத்தான் எழுத வேண்டும். ஆகவே இரண்டு சொல் வேண்டும்.

அன்பு:
எனக்கும் வங்கிக்கும் பேரேட்டுக்கும் இடையில் 270 ரூபாய் இடிக்கிறது. ஒரு வரியும் மஞ்சளாகவில்லை. மென்பொருள் பிழையா?

மீனா:
கேள்வி சொல்லைப் பற்றியது, அன்பு. இருந்தாலும், 270 ஒன்பதால் வகுபடுகிறது; இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் அப்படித்தான் வரும். 630ஐ 360 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கிறீர்களா பாருங்கள். அப்படியானால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிவப்பு வரி இருக்கும்.

சண்முகம்:
இரண்டு சொல் வேண்டுமானால், இருமுறை ஏறியதற்கு ‘மீபதிவு’. ‘மீ’ மிகுதியையும் குறிக்கும்.

ரவி:
‘மீபதிவு’ என்றால் மீண்டும் பதியச் சொல்வதாக நினைத்து, மூன்றாவது தடவையும் ஏற்றிவிடுவார்கள்.

கயல்:
‘பொருந்தாப் பதிவு’, ‘இருமுறைப் பதிவு?’ என்று போடுகிறேன். எண் இல்லாத பரிமாற்றங்களில் ஒரே நாளில் ஒரே தொகை உண்மையாகவே இருமுறை போகலாம் என்பதால் கேள்விக்குறி இருக்கட்டும்.

மீனா:
சரி.

ரவி:
கேள்விக்குறியோடு சரி.

சண்முகம்:
கலைச்சொல்லில் கேள்விக்குறியா? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ஒருமுறை மட்டும்.