புதுப்பிப்பு: மகனின் ஐஜிஎஃப்-1 ரிப்போர்ட்

முதல் கேட்டது: "மகனுக்கு 13 வயசு, வகுப்பிலேயே கட்டை. வளர்ச்சி ஹார்மோன் தூண்டி உடலில் உண்டாகும் ஐஜிஎஃப்-1 இரத்தத்தில் 118 என்று வந்து பக்கத்தில் 'குறைவு' என்று போட்டிருக்கு. வளர்ச்சி ஹார்மோன் ஊசி தேவைப்படுமா?"

மட்டக்களப்பில் குழந்தை ஹோர்மோன் டொக்டரிடம் காட்டினோம். ரிப்போர்ட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இடது கை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எலும்பு வயசு 10 தான். பருவ மாற்றமும் இன்னும் தொடங்கவில்லை. பருவம் வரும்போதுதான் ஐஜிஎஃப்-1 வேகமாக ஏறுமாம். லாப் தந்த அட்டவணையில் 10 வயசு வரியைப் பார்த்தால் 118 சாதாரணம்.

வளர்ச்சி ஹார்மோனை நேரடியாகப் பார்க்கச் சொன்ன கல்முனை அண்ணா, இரத்தத்தில் பார்க்கலாம் என்றது சரிதான். ஆனால் அது விட்டுவிட்டுச் சுரப்பதால், சும்மா ஒருமுறை எடுத்தால் நல்ல பிள்ளைக்கும் குறைவாகவே வருமாம். மருந்து கொடுத்துத் தூண்டிப் பலமுறை இரத்தம் எடுக்க வேணும்.

மகளுக்குத் தைரொயிட் என்று எழுதிய அக்கா, உங்கள் கதை உதவியது. தைரொயிட் குறைந்தாலும், சாப்பாடு போதாவிட்டாலும் ஐஜிஎஃப்-1 இறங்குமாம். மகனுக்குத் தைரொயிட் சரி, எடைதான் குறைவு.

ஊசி வேணுமா என்பது முடிவாகவில்லை. ஆறு மாதம் கழித்து உயரம் அளந்து, வளரும் வேகத்தைப் பார்த்துத்தான் தூண்டல் சோதனை பற்றிச் சொல்வாராம்.