உதடு மூடிய பிறகு வந்த குரல்: வீடியோவில் சத்தம் விலகிய அனுபவங்கள்

தாமிரபரணிக்காரி

போன கார்த்திகையில் ஆச்சியை உட்கார வைத்துப் பேட்டி மாதிரி எடுத்தேன். படம் என் போனில். சத்தம், சேலையில் குத்திய காலர் மைக்கிலிருந்து தனி ரெக்கார்டரில். ஆரம்பத்தில் கேமரா முன்னால் கைதட்டி, எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்துப் பொருத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

40வது நிமிடத்தில், தங்கச்சி காய்ச்சலில் கிடந்த ராத்திரியை ஆச்சி சொல்கிறாள். சொல்லி முடித்து வாயை மூடி, ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறாள். அப்புறம்தான், அந்த மூடிய வாய்க்கு மேல், "விடியறதுக்குள்ள போயிட்டா" என்று குரல் வருகிறது. பேய்ப்படம் மாதிரி இருந்தது. அன்றைக்கு லேப்டாப்பை மூடியவள் மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

முடிவில் ஆச்சி காப்பி டம்ளரை டேபிளில் வைக்கிறாள். படத்தில் 51:40. 'டக்' சத்தம் 51:43. சத்தத்தை 3 வினாடி முன்னால் இழுத்தால் டம்ளர் சரியாகிறது, ஆரம்பம் நாசமாகிறது. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

லென்ஸ்மூடி

நடந்திருக்கிறது. அக்கா மகள் அரங்கேற்றம், ஒரு மணி நேரம், கடைசி தில்லானாவில் ஜதி சொல்பவர் வாயை மூடி மூன்றரை வினாடி கழித்துச் சொல் வந்தது. காரணம் 29.97. கேமரா வினாடிக்கு 29.97 ஃபிரேம் எடுக்கிறது, சாஃப்ட்வேர் அதை 30 என்று ஓட்டுகிறது. அமெரிக்கக் கலர் டிவி காலத்து மிச்சம் இது. வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்று, ஒரு மணி நேரத்துக்கு 3.6 வினாடி. உங்களுடைய 51:40 என்பது 3100 வினாடி. ஆயிரத்தில் ஒன்று என்றால் 3.1. கணக்கு கச்சிதம். ப்ராஜெக்ட் செட்டிங்கை 29.97 ஆக்குங்கள், முடிந்தது.

முகூர்த்த வீடியோ

தம்பி, அவசரப்படாதீர்கள். இரண்டு முனையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நடுவில் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். 29.97 தகராறு என்றால் விலகல் சீராக ஏறும்: பாதி நேரத்தில் ஒன்றரை வினாடி, முடிவில் மூன்று. அப்படி ஏறாவிட்டால் வேறு நோய்.

எனக்கு நடந்தது ஒரு ரிசப்ஷனில். பெண்ணின் அப்பா பேசியதை உறவுக்காரப் பையன் போனில் எடுத்திருந்தான், என் கேமரா அந்த நேரம் சாப்பாட்டுக் கூடத்தில். நடுவில் கேக் வெட்ட மண்டபத்து விளக்கை அணைத்தார்கள். அணைக்கும்வரை உதடு துல்லியம். விளக்கு திரும்ப வந்ததும் மனிதர் வாய் ஒன்று பேசுகிறது, சத்தம் இன்னொன்று. "என் பொண்ண நல்லா பாத்துக்கங்க மாப்ள" என்று கேட்கும்போது படத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டார் முன்னால் அதைப் போட்டுக் காட்டிவிட்டேன், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

பல போன்கள் 30 என்று சொல்லிக்கொண்டாலும் ஃபிரேமை ஒரே சீராக எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் கொடுத்து, வினாடிக்கு 24 வரைக்கும் இறங்கும். எந்த ஃபிரேம் எப்போது எடுத்தது என்ற நேரக்குறிப்பு ஃபைலுக்குள் இருக்கிறது. விஎல்சி அதைப் படித்து ஓட்டுவதால் அதில் சரியாகத் தெரியும். சில எடிட்டிங் சாஃப்ட்வேர் குறிப்பை மதிக்காமல் ஃபிரேம்களை எண்ணி அடுக்கிவிடும். இருட்டில் எடுத்த பகுதி அங்கே சுருங்கிப்போகும். படம் முன்னால் ஓட, சத்தம் பின்தங்கும்.

இரண்டு பரிசோதனை செய்யுங்கள். போனின் சொந்தச் சத்தமும் படமும் விஎல்சியில் ஒட்டியிருக்கிறதா, எடிட்டிங்கில் மட்டும் பிரிகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் ஃபைலை மீடியாஇன்ஃபோவில் திறந்து `Frame rate mode` என்ற வரியைப் படியுங்கள். `Variable` என்று இருந்தால் சந்தேகம் பாதி தீர்ந்தது.

பின்வரிசை

இதற்கெல்லாம் சாஃப்ட்வேரைத் திட்டுவதா? தூரம்தான் காரணம். கோயில் கச்சேரியைக் கடைசி வரிசையிலிருந்து ஜூம் போட்டு எடுத்தேன். மேடைக்கும் எனக்கும் 30 மீட்டர் இருக்கும். சத்தம் வினாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர்தான் போகும், ஆகவே 87 மில்லிசெகண்ட் தாமதம். 25 ஃபிரேம் வீடியோவில் இரண்டு ஃபிரேமுக்கு மேல். வித்வான் கை தோலைவிட்டு எழும்பிய பிறகு 'தோம்' கேட்டது. அதில் வந்த வேகமான தனி ஆவர்த்தனத்துக்காக மூன்று வருடமாக நான் குறையே சொல்லாமல் கேட்டேன், ஒரு நாள் கண்ணில் பட்டது, அதற்கப்புறம் பார்க்கவே முடியவில்லை.

முகூர்த்த வீடியோ

@பின்வரிசை சார், உங்கள் கணக்கு சரி, ஆனால் அவர்கள் கேள்விக்கு இல்லை. தூரத் தாமதம் முதல் நிமிடம் முதல் கடைசிவரை ஒரே அளவு. ஒரு தடவை இழுத்தால் தீரும். அவர்களுக்கு ஆரம்பம் சரியாக இருந்து அப்புறம் பிரிகிறது. காலர் மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண்தானே.

ராத்திரிப்பறவை

என் கதை வேறு. வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்களே என்று புளூடூத் ஹெட்ஃபோன் போட்டு ஒரு நிச்சயதார்த்த வீடியோ எடிட் செய்தேன். எல்லா க்ளிப்பிலும் சத்தம் லேசாகப் பின்னால் இருக்கிற மாதிரி பட்டது. பொறுமையாக ஒவ்வொன்றையும் 5 ஃபிரேம் முன்னால் இழுத்தேன். விடிந்துவிட்டது. பெண் வீட்டு டிவியில் போட்டால், எல்லாரும் வாய் திறப்பதற்கு முன்பே பேசுகிறார்கள். பெண்ணின் சித்தப்பா கேட்டார், "என்னப்பா, எல்லாரும் மனசுலயே பேசிக்கிறாங்களா?" தாமதம் என் காதில் இருந்திருக்கிறது, ஃபைல் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

முன்னால் வரும் சத்தம் பின்னால் வருவதைவிட மோசமாக உறுத்தும். பிறகுதான் படித்தேன், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்றில் சத்தம் 45 மில்லிசெகண்ட் முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடிப்பார், பிந்தினால் 125 வரைக்கும் தெரியாது என்று இருக்கிறது. தூரத்துச் சத்தம் பிந்தி வருவது நமக்குப் பழகிய விஷயம், முந்தி வருவது இயற்கையில் கிடையாது.

முன்யோசனை முத்து

எனக்கு ஒரு தடவை ஆனது, அதோடு சரி. இனிமேல் எடுப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஆரம்பத்தில் தட்டுவது போதாது, முடிவிலும் தட்ட வேண்டும். போன் கேமராவில் வெளிச்சத்துக்கேற்ப ஃபிரேம் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஃபிரேம் வேகத்தைப் பூட்டி வைக்கும் கேமரா ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸில் வைக்க வேண்டும், 44.1 வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தை நம்பி உட்காரவே கூடாது, எல்ஈடி பேனல் ஒன்று பேட்டரியோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் 50 நிமிடம் எடுக்காமல் பத்துப் பத்து நிமிடமாக நிறுத்தி, ஒவ்வொரு துண்டுக்கும் தட்டுங்கள். அடுத்த தடவை ஆச்சியை எடுக்கும்போது இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு...

தாமிரபரணிக்காரி

@முன்யோசனை முத்து அண்ணா, அடுத்த தடவை இல்லை. ஆச்சி தை மாசம் போய்ச் சேர்ந்துவிட்டாள். கையில் இருப்பது இந்த 52 நிமிடம்தான்.

@முகூர்த்த வீடியோ அண்ணன் சொன்னதைச் செய்து பார்த்தேன். விஎல்சியில் போன் ஃபைல் கடைசிவரை ஒட்டியே இருக்கிறது. எடிட்டிங்கில் போனின் சத்தமும் பிரிகிறது. மீடியாஇன்ஃபோவில் `Variable`. 25வது நிமிடத்தில் ஆச்சி தொடையில் தட்டிச் சிரிப்பாள், அங்கே ரெக்கார்டர் சத்தம் வெறும் மூன்று ஃபிரேம்தான் பிந்துகிறது. அப்புறம் ஞாபகம் வந்தது: 38வது நிமிடத்தில் கரண்ட் போனது. அம்மா டார்ச்சைத் தேடுவதற்குள் வந்துவிட்டது. ஆச்சி இருட்டிலும் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தாள்.

முகூர்த்த வீடியோ

அப்படியென்றால் பிடித்துவிட்டோம். மொத்தம் 3 வினாடி என்பது 90 ஃபிரேம். பாதி வழியில் மூன்று ஃபிரேம் என்றால் முடிவில் ஆறு. அது போனுக்கும் ரெக்கார்டருக்கும் உள்ளே ஓடும் கடிகாரங்கள் ஒத்துப்போகாத வித்தியாசம், அதைத் தனியே வைத்துக்கொள்வோம். மீதி 84 ஃபிரேம் இருட்டில் தொலைந்தது. போன் 24க்கு இறங்கியது என்றால் வினாடிக்கு 6 ஃபிரேம் குறைவு. 84ஐ ஆறால் வகுத்தால் 14 வினாடி. உங்கள் வீட்டில் டார்ச் தேட அவ்வளவு நேரம் ஆகியிருக்கும்தானே?

முதலில் படத்தைச் சீராக்குங்கள். ஹேண்ட்பிரேக்கில் ஃபைலைத் திறந்து, வீடியோ பக்கத்தில் 30, `Constant Framerate` என்று வைத்து மாற்றுங்கள். குறைந்த இடத்தில் ஃபிரேமை இரட்டித்து நிரப்பிவிடும். அந்தப் புது ஃபைலைத்தான் எடிட்டிங்கில் போட வேண்டும், பழையதைத் தொடாமல் வையுங்கள். அப்புறம் கைதட்டலைப் பொருத்தினால் டம்ளரில் ஆறு ஃபிரேம்தான் மிஞ்ச வேண்டும், அதாவது 3100 வினாடிக்கு 0.2. ரெக்கார்டர் ஃபைல் 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் இப்படி லேசாக வேகம் கூட்டலாம்:

```
ffmpeg -i aachi.wav -af asetrate=48003,aresample=48000 aachi2.wav
```

48000ல் 3 கூட்டினால் 3100 வினாடிக்கு ஏறக்குறைய 0.2 சுருங்கும். குரலின் சுருதி மாறுவது யார் காதுக்கும் தெரியாது. டம்ளரில் ஆறுக்குப் பதில் வேறு ஏதாவது மிஞ்சினால் அந்த எண்ணை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

லென்ஸ்மூடி

சரி, இங்கே கரண்ட்தான். ஆனால் அரங்கேற்ற வீடியோ 29.97தான், செட்டிங் மாற்றியதும் சரியானது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முகூர்த்த வீடியோ

அது நிஜம்தான் தம்பி. நோய் ஒன்று என்று நினைத்ததுதான் தப்பு.

பின்வரிசை

போனும் ரெக்கார்டரும் ஒரே கடையில் வாங்கினால் கடிகாரம் ஒத்துப்போகாதா?

தாமிரபரணிக்காரி

நேற்று ராத்திரி உட்கார்ந்து செய்தேன். டம்ளரில் ஏழு ஃபிரேம் மிஞ்சியது, எண்ணை 48004 ஆக்கினேன். இப்போது 'டக்' டேபிளில் விழுகிறது. இருட்டுப் பகுதியில் படம் கொஞ்சம் தட்டுத் தடுமாறுகிறது, அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, ஆச்சியின் மூக்குத்தி மட்டும் ஒரு தடவை மின்னுகிறது. அதை வெட்டவில்லை.

"போயிட்டா" என்கிற இடத்தில் மட்டும் எனக்கு இன்னும் உதடு ஒரு துளி முந்துகிற மாதிரியே இருக்கிறது. வீட்டுக்காரர் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார். பத்துத் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

ராத்திரிப்பறவை

அக்கா, எந்த ஹெட்ஃபோனில் பார்த்தீர்கள்?