சிற்றணிக்கோவையில தரம் 2, ஏறுபடியில 3. எது சரி? (அவசரம்)

கடைசிபெஞ்ச்:
நாளைக்கு டெஸ்ட். ஒரு அணிக்கு சிற்றணிக்கோவை முறையில தரம் 2 வருது. அதையே ஏறுபடி வடிவத்துக்கு மாத்தினா 3 வருது. ரெண்டையும் திரும்பப் போட்டுப் பார்த்துட்டேன், அதேதான். எதை எழுதறது?

மலர்விழி_திருச்சி:
அணியைப் போடாம எப்படிப்பா சொல்றது? எத்தனை நிரை, எத்தனை நிரல்?

இஞ்சினியர்_தம்பி:
ஏறுபடியிலதான் தப்பு இருக்கும். நிரைகளைக் கூட்டிக் கழிச்சா அணிக்கோவையோட மதிப்பே மாறிடும். சிற்றணிக்கோவைதான் மூல அணியில நேரா பார்க்குற முறை. 2-ன்னு எழுதுங்க.

ஓய்வுபெற்றவாத்தியார்:
ஒரு அணிக்கு ஒரே தரம்தான். இரண்டு விடை வந்தால் அணி தப்பு செய்யவில்லை, போட்டவர்தான் தப்பு செய்திருக்கிறார். பாடத்தை முதலிலிருந்து படித்துவிட்டு வந்து கேளுங்கள். டெஸ்டுக்கு முதல் நாள் ராத்திரி புத்தகத்தைத் திறந்தால் இப்படித்தான்.

மலர்விழி_திருச்சி:
ஐயா, அவர் அணியையே இன்னும் போடலை. அதுக்குள்ள திட்டணுமா?

கடைசிபெஞ்ச்:
சாரி, இதுதான்:

```
1  2  1  3
2  4  3  5
3  6  4  9
```

முதல் மூணு நிரலை எடுத்தா 0. மூணாவதுக்குப் பதிலா நாலாவதைப் போட்டாலும் 0. அதனால 3 இல்லை. 2×2-ல பூச்சியம் இல்லாதது ஒண்ணு இருக்கு, அதனால 2-ன்னு முடிச்சேன்.

சுண்ணாம்புக்கட்டி:
இப்ப தெரியுது. உங்க ரெண்டாவது நிரல் முதல் நிரலோட அப்படியே ரெண்டு மடங்கு. அந்த ரெண்டும் சேர்ந்து இருக்கற எந்த 3×3 சிற்றணிக்கோவையும் 0 தான். நீங்க பார்த்த ரெண்டுலயும் அந்த ஜோடி இருக்கு. 3×4-ல மொத்தம் நாலு இருக்கு, மிச்சம் ரெண்டை நீங்க தொடவே இல்லை. 1, 3, 4 நிரல்களை எடுத்துப் பாருங்க:

```
| 1  1  3 |
| 2  3  5 |
| 3  4  9 |
= 1(27−20) − 1(18−15) + 3(8−9)
= 7 − 3 − 3 = 1
```

பூச்சியம் இல்லை, அதனால தரம் 3. இந்த முறையில ஒண்ணு பூச்சியம் இல்லாம வந்தா அதோட வேலை முடிஞ்சது. பூச்சியம் வந்தா எதுவும் முடியலை, அந்த வரிசையில நாலும் பூச்சியம்னு காட்டினாத்தான் கீழே இறங்கலாம்.

இப்ப உங்க ஏறுபடியைப் பாருங்க. R2 → R2 − 2R1, R3 → R3 − 3R1, அப்புறம் R3 → R3 − R2:

```
1  2  1  3
0  0  1 -1
0  0  0  1
```

முன்னிலை எண்கள் நிக்கறது 1, 3, 4 நிரல்கள்ல. எந்தச் சிற்றணிக்கோவையை எடுக்கணும்னு ஏறுபடியே காட்டிக் கொடுத்துடுது. அந்த மூணு நிரலை மட்டும் பார்த்தா கீழ்ப்பக்கம் பூச்சியமா ஒரு முக்கோணம், மூலைவிட்டப் பெருக்கல் 1×1×1 = 1. மேலே வந்த அதே 1. நிரை இடம் மாத்தாம, எதாலயும் பெருக்காம போட்டதால மதிப்பு கூட மாறலை.

இஞ்சினியர்_தம்பி:
ஆனா பொதுவா மாறும்ல? நான் சொன்னது அதைத்தான்.

சுண்ணாம்புக்கட்டி:
மாறும் தம்பி, ஒத்துக்கறேன். ரெண்டு நிரையை இடம் மாத்தினா குறி மாறும், ஒரு நிரையை 5 ஆல பெருக்கினா முழு அணிக்கோவையும் அஞ்சு மடங்காகும். ஆனா எத்தனை மடங்கானாலும் பூச்சியம் பூச்சியமாவே இருக்கும், இல்லாதது இல்லாததாவே இருக்கும். தரத்துக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நிஜமா கெடுக்கறது வேற. R1 → R1 − R2, R2 → R2 − R1 ரெண்டையும் பழைய மதிப்பை வச்சே ஒரே அடியில போடறது. அப்ப ரெண்டு நிரையும் குறி மட்டும் மாறின ஒரே நிரையா ஆயிடும், தரம் குறைஞ்சுடும். இவருக்கு ஏறுபடியில கூடுதலா வந்ததால அந்தத் தப்பு இல்லைன்னு அப்பவே தோணுச்சு.

பிஎஸ்சி_கலா:
எனக்கும் இதே குழப்பம்தான்! இதுல k-க்கு ஏத்த மாதிரி தரம் கேட்டிருந்தாங்க:

```
1  1  1
1  k  1
1  1  k
```

அணிக்கோவை (k−1)². k = 1 ஆனா 0. அதனால k = 1-ல தரம் 2, மத்ததுல 3-ன்னு எழுதினேன். மார்க் போச்சு.

மலர்விழி_திருச்சி:
கலா, k = 1 போட்டா எல்லா இடத்துலயும் 1 தானே. எந்த 2×2 எடுத்தாலும் 0. தரம் 1. இந்த அணிக்கு எந்த k-க்கும் தரம் 2 வரவே வராது. 3×3 பூச்சியம்னா '3 இல்லை' என்கறது மட்டும்தான் தெரியும்.

ஓய்வுபெற்றவாத்தியார்:
நாலையும் போட வேண்டிய அவசியமே இல்லை. பூச்சியமில்லாத ஒரு 2×2-ஐப் பிடித்து, அதைச் சுற்றி ஒரு நிரை, ஒரு நிரல் சேர்த்துக் கிடைக்கும் 3×3-களை மட்டும் பார்த்தால் போதும். அவையெல்லாம் பூச்சியமானால் தரம் 2 தான். குரோனக்கர் தேற்றம். இப்போது யார் இதையெல்லாம் சொல்லித் தருகிறார்கள்.

இஞ்சினியர்_தம்பி:
அப்ப முதல் ரெண்டு நிரை, முதல் ரெண்டு நிரலை எடுத்துச் சுத்திப் பார்த்தா இவர் போட்ட ரெண்டும்தானே வருது? ரெண்டும் 0. அப்ப 2 தானே!

சுண்ணாம்புக்கட்டி:
அந்த 2×2-ஐயே பாருங்க: 1×4 − 2×2 = 0. பூச்சியமானதைச் சுத்திப் பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாது, வாத்தியார் 'பூச்சியமில்லாத'ன்னு தெளிவா சொல்லியிருக்கார். 1, 3 நிரல்கள்ல எடுத்தா 1×3 − 1×2 = 1. அதுக்கு மூணாவது நிரையும் நாலாவது நிரலும் சேர்த்தா மேலே போட்டதுதான் வரும்.

பைத்தான்_பாண்டி:
இதுக்கு எதுக்கு இவ்வளவு?

```python
from sympy import Matrix
A = Matrix([[1,2,1,3],[2,4,3,5],[3,6,4,9]])
print(A.rref()[1])   # (0, 2, 3)
```

0-லேர்ந்து எண்ணுது, அதனால 1, 3, 4. பெரிய அணிக்கு numpy-ல `det` எடுத்து ரொம்பச் சின்னதா வந்தா 0-ன்னு வச்சுக்கலாம்.

சுண்ணாம்புக்கட்டி:
sympy பின்னத்தை அப்படியே வச்சுக் கணக்குப் போடும், அது சரி. அந்தக் கடைசி வரி வேண்டாம். மூலைவிட்டத்துல எல்லாம் 0.1 இருக்கற 10×10 அணியோட அணிக்கோவை 10⁻¹⁰. தரம் 10 தான்.

பைத்தான்_பாண்டி:
அப்ப தசம எண்ல எது நிஜப் பூச்சியம்னு எப்படித்தான் முடிவு பண்றது? `matrix_rank`-உம் ஒரு எல்லையை வச்சுத்தானே பண்ணுது?

சுண்ணாம்புக்கட்டி:
எல்லைதான், ஆனா அது அணிக்கோவையில வைக்கற எல்லை இல்லை. ஒருமை மதிப்புகளை எடுத்து, அதுல இருக்கறதிலேயே பெரியதோட ஒப்பிட்டு வைக்கறது. அளவெடுத்த தரவா இருந்தா அந்த எல்லையும் போதாது. அளவீட்டுல எவ்வளவு பிழை வரும்னு தெரிஞ்சு நாமளே வைக்கணும்.

ஓய்வுபெற்றவாத்தியார்:
கேள்வியில் "சிற்றணிக்கோவை முறையில்" என்று இருந்தால் கம்ப்யூட்டரும் ஏறுபடியும் மதிப்பெண் தராது.

பைத்தான்_பாண்டி:
5×5-ல 3×3 சிற்றணிக்கோவை மட்டும் 100 வரும் ஐயா. நீங்க உக்காந்து போடுவீங்களா?

ஓய்வுபெற்றவாத்தியார்:
போட்டிருக்கிறோம்.

கடைசிபெஞ்ச்:
1, 3, 4 எடுத்தேன், 1 வந்துச்சு. எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம், ஏறுபடியில கடைசி நிரை பூரா 0 ஆயிட்டா எந்த நிரைகளை எடுக்கறது?

சுண்ணாம்புக்கட்டி:
நிரல் முன்னிலை எண்ணைப் பார்த்து எடுங்க. மேல் நிரையை வச்சுக் கீழ் நிரையை மட்டும் மாத்தி, இடம் மாத்தாம வந்திருந்தா, பூச்சியமாகாத நிரை எத்தனாவதோ மூல அணியிலயும் அதே நிரையை எடுக்கலாம். இடம் மாத்தியிருந்தா எது எங்கேர்ந்து வந்ததுன்னு ஓரத்துல குறிச்சு வச்சுக்கங்க.

பிஎஸ்சி_கலா:
என் கணக்குல k−1 ஆல வகுத்துட்டுத்தான் ஏறுபடி போட்டேன். அது பரவாயில்லையா?