சோக்கை மூடினால் வண்டி அணைந்துவிடுகிறது, ஜெட்டா, காற்றுக் கசிவா?

வணக்கம்ணே. 100 சிசி கார்புரேட்டர் பைக். மார்கழிக் குளிரில் அலங்காநல்லூர்ப் பக்கம் காலை ஐந்தரை மணிக்கு எடுக்கிற வண்டி.

ஸ்டார்ட் செய்யும் முறை சரிதான். சோக் முழுசா போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கிக்கர். (திருகினால் சோக் இழுக்கிற கூடுதல் பெட்ரோல் குறைந்துவிடும், அப்புறம் பத்து உதைதான்.) இரண்டாவது உதையில் பிடிக்கிறது. அரை நிமிஷத்தில் சோக்கைப் பாதியாக்கி, மெதுவாகக் கிளம்பி, ஒரு நிமிஷத்துக்குள் முழுசா மூடிவிட வேண்டும். நம்ம ஊர்க் குளிருக்கு அதுவே தாராளம். ஸ்டாண்டில் ஐந்து நிமிஷம் உறுமவிடுவது பெட்ரோலுக்குத்தான் கேடு.

சிக்கல் இங்கேதான். மூன்று கிலோமீட்டர் ஓடி இன்ஜின் நல்லா சூடான பிறகும், சோக்கை மூடினால் ஐடிலில் அணைகிறது. பாதி சோக்கில் நிற்கிறது. அதாவது, பெட்ரோல் குறைவு அல்லது காற்று அதிகம். இப்படியே சோக்கோடு ஓட்டியதில் பிளக் முனை கரிப்பிடித்து அடுப்புக்கரி மாதிரி இருக்கிறது.

பைலட் ஜெட் அடைப்பா, கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் விரிசலா? ஐடிலில் ஓடும்போது அந்த ரப்பரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினேன், சத்தம் மாறவில்லை. கழற்றாமல் உறுதிசெய்ய வேறு வழி உண்டா? ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிசாகிவிடும் என்பதால் அதைத் தொடவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கண்ணே.