மளிகைக் கடைச் சரக்கு 30 நாள் நிற்கிறது: இதை எப்படிப் பார்ப்பது?

வணக்கம். கடையின் ஆண்டு விற்பனையைக் கொள்முதல் விலையில் கணக்கிட்டால் 73 லட்சம், அதாவது நாளுக்கு 20,000 ரூபாய். மாதாமாதம் எண்ணிய இருப்பின் சராசரி 6 லட்சம். அப்படியானால் சரக்கு ஆண்டுக்குச் சுமார் 12 முறை சுழல்கிறது, கையில் 30 நாள் இருப்பு. விற்பனை விலையை வைத்துப் போட்டால் சுழற்சி கூடுதலாகத் தெரியும், அதனால் அதைத் தவிர்த்தேன்.

ஆனால் இந்த 30 நாளை மட்டும் நம்ப முடியவில்லை. பிரித்துப் பார்த்தால் புளியும் வற்றலும் ஒன்றரை லட்சம், நாளுக்கு 1,000 ரூபாய்க்குத்தான் போகிறது, ஆக 150 நாள் இருப்பு. அது புதுப் புளி வரும்போது மொத்தமாக வாங்கி வைப்பது, சரி. சோப்பு, ஷாம்பு, பிஸ்கட்தான் கவலை. 1,80,000 ரூபாய்ச் சரக்கு, நாளுக்கு 3,000 ரூபாய் விற்பனை, 60 நாள் ஆகிறது. ஏஜென்சி வண்டி வாரம் ஒருமுறை வருகிறது! 'பெட்டி எடுத்தால் ஒன்று ஃப்ரீ' என்ற ஸ்கீமுக்காக வாங்கியதுதான் இப்படித் தேங்கி நிற்கிறது. அதே சமயம் ரவையும் மைதாவும் இரண்டு நாள் இருப்புக்கு வந்து, அடுத்த லோடு வருவதற்குள் தீர்ந்துவிடுகின்றன. அவற்றின் சுழற்சி எண் மட்டும் பிரமாதமாக இருக்கிறது.

கடை நடத்துபவர்கள் சொல்லுங்கள்: வாராவாரம் வரும் சரக்குக்கு எத்தனை நாள் இருப்பை அளவாக வைக்கிறீர்கள்? ஸ்கீமில் கிடைக்கும் லாபத்தையும் முடங்கும் பணத்துக்கான வட்டியையும் எப்படி ஒப்பிடுகிறீர்கள்? புளி, வற்றலைத் தனிக் கணக்காகவே வைத்துக்கொள்ளலாமா?