சொல் வேண்டும்: நேர்காணல் குழுத் தாள்களைத் தொகுக்கும் குறிப்பு

அனுப்பியவர்: கலைவாணி, சேலம்

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் சேகோ ஆலையில் லேப் மேற்பார்வையாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறோம். நேர்காணலில் நான்கு பேர் உட்கார்ந்தோம்: லேப்பில் மூத்தவர், உற்பத்தி மேலாளர், பங்குதாரர், மனிதவளத்துக்கு நான். ஒவ்வொருவரும் ஒரு தாளில் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக் கீழே நாலு வரி எழுதுவோம். அந்த நான்கு தாள்களையும் ஆளுக்கு ஒரு பக்கமாகச் சுருக்கி முதலாளியிடம் கொடுப்பது என் வேலை. இந்த முறை எல்லாம் தமிழில்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பக்கத்தில் மூன்று தலைப்பு வரும். முதலாவது அவரிடம் நன்றாக இருப்பவை. 'பலம்' என்று போட்டுவிட்டேன். இரண்டாவது, குழுவுக்கு உறுத்தலாக இருந்தவை. 'பலவீனம்' என்று எழுதக் கை வரவில்லை. மூன்றாவது, எடுக்கலாமா வேண்டாமா என்ற பரிந்துரை, எல்லோருக்கும் ஒரே சீராக. இந்த இரண்டுக்கும், அந்தப் பக்கத்துக்கும் சொல் வேண்டும். 'தேர்வுக் குறிப்பு' என்று ஒன்று தோன்றியது, ஆனால் பிளஸ் டூ நோட்ஸ் மாதிரி இருக்கிறது.

---

அனுப்பியவர்: பிரபு, அம்மாப்பேட்டை

அக்கா, பக்கத்துக்குக் 'குழுத் தொகுப்புரை' சரியாக வரும். பள்ளிக்கூடத்திலேயே எல்லோரும் கேட்ட சொல்.

மூன்றாவதுக்கு 'ஒருமித்த பரிந்துரை'. நான்கு பேரும் ஒரே முடிவுக்கு வரவேண்டும் என்பதுதானே கேள்வி? வராவிட்டால் சராசரி போட்டுவிடுங்கள். மூன்றரைக்கு மேல் எடுக்கலாம், மூன்றுக்குக் கீழ் வேண்டாம், நடுவில் இருந்தால் இன்னொரு சுற்று. எக்செல்லில் ஒரு வரி:

```
=AVERAGE(B2:E2)
```

உறுத்தலுக்கு 'நெருடல்' என்று வைக்கலாம். பேச்சில் அப்படித்தானே சொல்கிறோம், "ஆள் நல்லவர்தான், ஆனா ஒரு நெருடல்" என்று.

---

அனுப்பியவர்: அந்தோணி, ஏற்காடு

பரிந்துரை என்றால் இங்கே எல்லோருக்கும் தெரிந்த சொல் சிபாரிசுதான். எங்கள் எஸ்டேட்டில் ரைட்டர் வேலைக்கு வருகிறவர்கள் ஃபாதரிடமோ பழைய துரையிடமோ ஒரு கடிதம் வாங்கி வருவார்கள். அதில் நல்லதாக மட்டும்தான் இருக்கும். குறையை எழுதிக் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தை நான் பார்த்ததே இல்லை. அதனால் இரண்டாவது தலைப்பே உங்களுக்குத் தேவையா என்று யோசியுங்கள்.

---

அனுப்பியவர்: தெய்வானை, சேலம்

அந்தோணி அண்ணன் சொல்வது வேறு கடிதம். அது ஆளுக்கு வேண்டியவர் எழுதுவது. கலைவாணி கேட்பது, ஆளை முன்பின் தெரியாதவர்கள் பேட்டி கண்டு எழுதியது. ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு பயன் இருக்கிறது: 'சிபாரிசு' என்ற சொல்லை இந்தப் பக்கத்தில் தொடவே கூடாது. முதலாளி பார்த்ததும் "யாருடைய ஆள்?" என்றுதான் கேட்பார். பரிந்துரையே இருக்கட்டும்.

பிரபு தம்பியின் 'ஒருமித்த' என்பதை நான் ஒப்பமாட்டேன். பல வருஷம் இந்தத் தாள்களைத் தொகுத்தவள் என்பதால் சொல்கிறேன். நான்கு பேரும் ஒத்துப்போனார்களா என்பது ஒரு கேள்வி. முதல் ஆளை எந்த அளவுகோலால் அளந்தோமோ அதனால்தான் இரண்டாம் ஆளையும் அளந்தோமா என்பது இன்னொரு கேள்வி. கலைவாணிக்கு வேண்டியது இரண்டாவது. குழு இரண்டாகப் பிரிந்து நின்றாலும் பரிந்துரை சீராக இருக்கலாம். நான்கு பேரும் சிரித்துக்கொண்டே கை தூக்கினாலும் சீரில்லாமல் இருக்கலாம்.

சராசரியைப் பற்றிப் பேசுமுன், தாள்களில் உள்ளதை அப்படியே போடம்மா கலைவாணி. பெயர் வேண்டாம்.

---

அனுப்பியவர்: கலைவாணி, சேலம்

போடுகிறேன் அம்மா. வரிசை: லேப், உற்பத்தி, மனிதவளம், பங்குதாரர்.

முதலாமவர்: 3, 3, 3, 4.
இரண்டாமவர்: 4, 4, 4, 1.

இரண்டாமவருக்கு லேப் மூத்தவர் எழுதியது: "மாவில் ஈரப்பதம் எப்படிப் பார்ப்பீர்கள் என்றேன். ஓவனில் காயவைத்து, ஆறவைத்து, எடை மாறாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்ப நிறுப்பேன் என்றார். பதிவேட்டை ஷிஃப்ட் முடிவில் மொத்தமாக எழுதுவாராம்." உற்பத்தி மேலாளர்: "தெளிவான ஆள்." நான்: "பேச்சு, பழக்கம் நல்லது." பங்குதாரர்: "சாயந்திரம் லாரி நிற்கிறது, ரிசல்ட் வரவில்லை, என்ன செய்வீர்கள் என்றேன். முந்தைய பேட்ச் நம்பரைப் போட்டு அனுப்பிவிடலாம் என்றார்."

முதலாமவருக்கு லேப் மூத்தவர்: "முறை தெரிகிறது, கை வேகம் போதாது." உற்பத்தி: "பரவாயில்லை." நான்: "அமைதியானவர்." பங்குதாரர்: "அவசரப்படாமல் பதில் சொல்கிறார்."

---

அனுப்பியவர்: தெய்வானை, சேலம்

பார்த்தாயா பிரபு, இரண்டு பேருக்கும் கூட்டினால் 13தான். சராசரி 3.25. உன் எக்செல் வரி இரண்டையும் ஒரே ஆள் என்று சொல்லிவிடும். ஒருவர் எல்லோருக்கும் நடுத்தரம். இன்னொருவர் மூன்று பேருக்கு நல்லவர், ஒருவருக்கு ஆகவே ஆகாதவர். அந்த ஒன்று ஏன் விழுந்தது என்பதுதான் தொகுப்புரையின் உயிர். அதனால் மதிப்பெண்ணை நான்காகவே எழுத வேண்டும், ஒன்றாக்கக் கூடாது.

அடுத்தது, எந்த வரிக்குக் கீழே ஒரு சம்பவமோ பதிலோ இருக்கிறது என்று பார். "தெளிவான ஆள்", "பேச்சு, பழக்கம் நல்லது" இரண்டும் காற்று. இவற்றைப் பலம் என்று எழுதினால் முதலாளி மூன்று பேர் சாட்சி சொன்னதாக நினைப்பார். உண்மையில் இரண்டாமவருக்கு ஆதாரத்தோடு ஒரே ஒரு பலம்தான் இருக்கிறது, ஈரப்பதச் சோதனை. ஆதாரத்தோடு உறுத்தல் ஒன்று, லாரி பதில். பதிவேடு விஷயம் இரண்டுக்கும் நடுவில்.

இங்கேதான் உன் சொல் பிரச்சினை தீரும். உறுத்தல் என்பது ஒன்றல்ல, இரண்டு. அவர் வாயால் சொன்னதோ செய்து காட்டியதோ ஆன ஒன்று இருந்தால் அது *குறை*. லாரி பதில் குறை. பார்க்காதது, உறுதியாகாதது எல்லாம் *ஐயம்*. ஷிஃப்ட் முடிவில் பதிவேடு எழுதுகிறவர் பார்த்ததை எழுதுகிறாரா, நினைவிலிருந்து எழுதுகிறாரா என்பது ஐயம். பழைய இடத்தில் விசாரித்தால் தெரிந்துவிடும். ஐயத்துக்குப் பக்கத்தில் 'யார், எப்படித் தீர்ப்பது' என்று ஒரு வரி வேண்டும். குறைக்கு அது வேண்டியதில்லை.

நெருடல் நல்ல தமிழ்தான். ஆனால் மனசுக்குப் பட்டது என்ற அளவில் நின்றுவிடும். "எனக்கு நெருடலாக இருந்தது" என்று எழுதியவரிடம் எதனால் என்று கேட்டால் பல நேரம் பதிலே வராது. சில சமயம் ஆளுடைய ஊர், பேச்சு வழக்குதான் காரணமாக இருக்கும். அதற்குத் தாளில் இடம் கொடுக்கக் கூடாது.

---

அனுப்பியவர்: பிரபு, அம்மாப்பேட்டை

சராசரி விஷயம் சரி, விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரே பதிலை வைத்து ஆளைக் 'குறை' என்று முத்திரை குத்துவது நியாயமா அம்மா? முந்தைய பேட்ச் என்று அவர் அதே கிழங்கு லோடில் அரைத்த இன்னொரு தொகுதியைச் சொல்லியிருந்தால்? நேர்காணலில் பதட்டம் வேறு. நானே ஒரு நேர்காணலில் என் வயசைத் தப்பாகச் சொன்னவன்.

---

அனுப்பியவர்: தெய்வானை, சேலம்

அதனால்தான் அவர் சொன்ன சொற்களையே எழுதவேண்டும், "நேர்மையில்லாதவர்" என்று நம் தீர்ப்பை எழுதக் கூடாது. குறை பதிலுக்கு, ஆளுக்கு அல்ல. பங்குதாரர் அங்கேயே "எந்த பேட்ச்?" என்று திருப்பிக் கேட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. அந்த லாரி கேள்வியை முதலாமவரிடம் கேட்டார்களா?

---

அனுப்பியவர்: கலைவாணி, சேலம்

தாளைத் திரும்பப் பார்த்தேன். கேட்கவில்லை. முதலாமவர் வந்தபோது பங்குதாரர் கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று பாயின்ட் பார்ப்பது, விவசாயி சண்டைக்கு வந்தால் சமாளிப்பது இவற்றைத்தான் கேட்டார்.

---

அனுப்பியவர்: தெய்வானை, சேலம்

அப்படியானால் முதலாமவருக்குக் குறை இல்லை என்று எழுத முடியாது. 'கேட்கப்படவில்லை' என்றுதான் எழுத முடியும். இந்த ஒரு சொல்லைத் தலைப்பாகவே வைத்துவிடு. வெறும் கட்டத்தைப் பார்ப்பவர் பாக்கிச் சுத்தம் என்று நினைத்துக்கொள்வார்.

பரிந்துரை எழுதும் முன் முதலாமவரைப் போனில் கூப்பிட்டு, அதே லாரி கேள்வியை அதே வார்த்தையில் கேளுங்கள். பங்குதாரரே கேட்கட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து பதிலை எழுது. இரண்டாமவரிடமும் "எந்த பேட்ச்?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் பிரபுவின் ஐயமும் தீரும். ஒருவருக்கு மட்டும் மறுவாய்ப்பு கொடுத்தால் அதுவும் சீர் கெட்டதுதான்.

இன்னொன்று, உற்பத்தி மேலாளர் மற்றவர்களுக்கு என்ன போட்டிருக்கிறார் என்று பார். சிலர் யார் வந்தாலும் மூன்றைத் தாண்ட மாட்டார்கள். அவருடைய 4 அப்போது கனமானது. எல்லோருக்கும் 4 போடுகிறவரின் 4 வேறு.

---

அனுப்பியவர்: அந்தோணி, ஏற்காடு

இப்போது புரிகிறது. எங்கள் ரைட்டர்களிடம் சம்பளப் பட்டியல் பற்றி ஒருவரிடம் கேட்பேன், இன்னொருவரிடம் காப்பி பல்ப்பர் பற்றிக் கேட்பேன். அப்புறம் எவர் மேல் என்று மல்லாடுவேன். ஒரு சந்தேகம்: எடுக்கலாம், வேண்டாம் என்று இரண்டே பதில்தானா? 'பார்க்கலாம்' கிடையாதா?

---

அனுப்பியவர்: கலைவாணி, சேலம்

எங்கள் தாளில் நான்கு படி வைத்திருக்கிறோம்: கட்டாயம் எடுக்கலாம், எடுக்கலாம், வேண்டாம், கட்டாயம் வேண்டாம். நடுவில் ஒன்று வைத்தால் எல்லோரும் அதில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். தெய்வானை அம்மாவும் இதையே சொல்வார் என்று நினைக்கிறேன். ஆனால் போன் பேசும்வரை இரண்டாமவருக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

இப்போதைக்கு வரைவு இப்படி:

குழுத் தொகுப்புரை, இரண்டாமவர்
மதிப்பெண்: 4, 4, 4, 1
பலம்: ஈரப்பதச் சோதனையை எடை நிலைக்கும்வரை செய்யத் தெரியும் (லேப்).
குறை: ரிசல்ட் வராத லோடுக்கு "முந்தைய பேட்ச் நம்பரைப் போட்டு அனுப்பிவிடலாம்" என்றார் (பங்குதாரர்). எந்த பேட்ச் என்பது கேட்கப்படவில்லை. போனில் கேட்க வேண்டும்.
ஐயம்: பதிவேட்டை நினைவிலிருந்து எழுதுகிறாரா. பழைய ஆலையில் நான் விசாரிக்க வேண்டும்.
கேட்கப்படவில்லை: ஆட்களை வேலை வாங்குவது.
சீரான பரிந்துரை:

உற்பத்தி மேலாளர் வரியையும் என் வரியையும் எடுத்துவிட்டேன். அவருக்குக் கோபம், தன் மதிப்பெண் இருக்கிறது கருத்து இல்லையே என்று. சம்பவம் ஏதாவது எழுதித் தாருங்கள், சேர்க்கிறேன் என்றிருக்கிறேன்.

---

அனுப்பியவர்: பிரபு, அம்மாப்பேட்டை

'சீரான பரிந்துரை' கொஞ்சம் மொழுக்கென்று இருக்கிறது. சீராக வெட்டிய துணி மாதிரி. 'ஒரே அளவுகோல் பரிந்துரை' என்று நீட்டி எழுதினால் என்ன? கலைச்சொல் சுருக்கமாகத்தான் இருக்கவேண்டுமா?

---

அனுப்பியவர்: தெய்வானை, சேலம்

தலைப்பில் 'பரிந்துரை' மட்டும் போதும். சீராக இருக்கிறதா என்பது ஒரு ஆளின் பக்கத்தைப் பார்த்தால் தெரியாது, இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். ஆனால் தேடுபொறியில் அகப்பட நீளமான சொல் வேண்டும் என்றால் நான் தடுக்கவில்லை. மற்றவர்கள் சொல்லுங்கள்.

கலைவாணி, குறைக்குக் கீழேயே ஒரு ஐயத்தையும் சேர்த்துவிட்டாய். போன் பேசிய பிறகு ஒன்றை எடுத்துவிடு.