"ரன்ஆஃப் பிளாட்" – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

செல்வி எழுதியது:
அன்பர்களுக்கு வணக்கம். நீலகிரிச் சரிவு ஒன்றில் உருளைக்கிழங்கு, காரட், தேயிலை, ஒன்றும் போடாத வெறுந்தரை என நாலு துண்டு நிலத்தை அடுத்தடுத்து அமைத்து, மழைக்கு எதிலிருந்து எவ்வளவு மண் போகிறது என்று அளக்கப்போகிறோம். களப்பணியாளர்களுக்கான கையேட்டை நான் எழுதுகிறேன். "ரன்ஆஃப் பிளாட்" என்பதற்கு "ஓடுநீர்ப் பாத்தி" என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். ஓடிவரும் தண்ணீரும் மண்ணும் வந்து சேரும் கீழ்த்தொட்டியில் எடுக்கும் மாதிரிக்கும் ஒரு பெயர் வேண்டும்.

தங்கராசு எழுதியது:
பாத்தியே நல்ல சொல், எல்லாருக்கும் தெரியும். தொட்டியைக் கோலால் நன்றாகக் கலக்கி ஒரு லிட்டர் எடுத்துக் காயவைத்து எடை போடுவதுதானே? அப்படியென்றால் "கலக்கல் மாதிரி" என்று சொல்லிவிடலாம்.

முத்தையா எழுதியது:
எங்கள் ஊர் தர்மபுரிப் பக்கம். என் பண்ணைக்குட்டைக்கும் இப்படித்தான் சேறு வந்து சேருகிறது. வாய்க்கால் முகத்தில் ஒரு குழி வெட்டினால் பாதி அங்கேயே நின்றுவிடும். அதையும் கையேட்டில் போடுங்கள். ஒன்று மட்டும்: தொட்டியில் சேருவதை "வண்டல்" என்று எழுதாதீர்கள். வண்டல் என்றால் ஏரியிலிருந்து அள்ளி வயலுக்கு அடிக்கும் நல்ல மண் என்றுதான் எங்களுக்குத் தோன்றும்.

சுந்தரம் எழுதியது:
பாத்தி நாலு பக்கமும் வரப்பு போட்டுத் தண்ணீரை நிறுத்துவது. இது அப்படி இல்லை. மூன்று பக்கம் தகரத்தைப் பாதி மண்ணில் புதைத்து வெளித்தண்ணீரைத் தடுத்து, கீழ்ப்பக்கத்தைத் திறந்துவிட்டு, அங்கே ஒரு தகரத் தாம்பாளம் வழியாகத் தொட்டிக்கு அனுப்புகிறோம். செயல்விளக்கத் திடல் என்று வேளாண்மைத் துறையில் ஏற்கெனவே சொல்கிறார்கள், ஆகவே "ஓடுநீர்த் திடல்" பொருந்தும். அமெரிக்கச் சோதனைகளில் வழக்கமாக வைத்த அளவு 72.6 அடி நீளம், 6 அடி அகலம். பெருக்கிப் பாருங்கள், சரியாக நம்முடைய ஒரு சென்ட், அதாவது சுமார் 40 சதுர மீட்டர்.

மாதிரி விஷயத்தில் தங்கராசு சொல்வது பாதிதான் சரி. எவ்வளவு கலக்கினாலும் மணலும் செம்மண் உருண்டைகளும் கை எடுத்த நொடியே அடியில் போய் உட்காரும். போத்தலில் வருவது மெல்லிய களிமண்தான். ஓர் உதாரணக் கணக்கு: 10 மி.மீ. ஓடுநீர் என்றால் 40 சதுர மீட்டருக்கு 400 லிட்டர். கலக்கி எடுத்த லிட்டரில் 12 கிராம் மண் இருந்தால் மொத்தம் 4.8 கிலோ என்று வரும். அதே தொட்டியை ஓர் இரவு தெளியவிட்டு, மேல்நீரைக் குழாய் போட்டு இறக்கி, அடியில் கிடப்பதை அள்ளி எடை போடுங்கள். 20 கிலோ ஈரச்சேறு என்று வைத்துக்கொள்வோம். அதைப் பிசைந்து அரைக் கிலோ எடுத்து 105 டிகிரியில் உலர்த்தினால் 300 கிராம் நிற்கிறது, ஆக 12 கிலோ. மேல்நீரில் லிட்டருக்கு 2 கிராம் வீதம் இன்னும் 0.8 கிலோ. கூட்டினால் 12.8. 40 சதுர மீட்டரில் ஒரு கிலோ போனால் எக்டேருக்கு 250 கிலோ என்பதால், 1.2 டன் என்று எழுதியிருக்க வேண்டியது 3.2 டன் ஆகிறது.

இதில் எனக்கு உறுத்துவது வேறு. எல்லாத் திடலிலும் ஒரே அளவு தவறினால் பயிர்களை ஒப்பிடவாவது முடியும். ஆனால் வெறுந்தரையில் பருமண் அதிகம் வரும், தேயிலையில் மெல்லியதுதான் வரும். கலக்கி எடுத்தால் வெறுந்தரைதான் அதிகமாகக் குறையும், பயிர்களுக்கு இடையிலான வித்தியாசமே சுருங்கிவிடும். ஆகவே பெயரும் இரண்டு வேண்டும்: மேல்நீர் மாதிரி, அடிச்சேற்று மாதிரி.

தங்கராசு எழுதியது:
இரண்டு மாதிரிக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திடல் என்றால் மேடு, விளையாட்டு மைதானம். சரிவில் போய் எப்படித் திடல்?

செல்வி எழுதியது:
சரி, இன்னொன்று. 100 மி.மீ. மழையில் பாதி ஓடினாலே 2000 லிட்டர். முதல் தொட்டி வழியும்போது, ஒன்பது வாய் வெட்டிய ஒரு தகடு வழியாகப் போய் நடுவாய்த் தண்ணீர் மட்டும் இரண்டாம் தொட்டிக்குப் போகும். இதற்கு "பங்கு மடை" சரியா?

சுந்தரம் எழுதியது:
மடைக்கு அடைப்பு உண்டு, இதற்கு இல்லை. "பங்கீட்டுத் தகடு" எனக்குப் பிடிக்கிறது, மடை என்றாலும் சண்டை போட மாட்டேன். இரண்டாம் தொட்டியை ஒன்பதால் பெருக்கி முதல் தொட்டியோடு கூட்டுவதால், தகடு துளி சாய்ந்தாலும் கணக்கு கெடும். ஒவ்வொரு பருவத்துக்கு முன்னும் அளந்த தண்ணீரை ஊற்றி ஒன்பதில் ஒரு பங்கு வருகிறதா என்று பாருங்கள். உருளைக்கிழங்குச் சருகு வாயை அடைக்கும், மேலே ஒரு வலை போடுங்கள்.

செல்வி எழுதியது:
நன்றி ஐயா. திடல் என்றே எழுதுகிறேன், தங்கராசு அண்ணன் வேறு சொல் கொடுத்தால் மாற்றலாம். தகடா மடையா என்பது நிற்கட்டும். தொட்டியைத் தொடுவதற்கு முன்பே நீர்மட்டத்தை அளந்து குறிக்க வேண்டும், மழை நேராக விழாதபடி மூடி போட வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே சேர்த்துவிட்டேன்.